பத்துக்கு மேல் வந்தால் மனச்சோர்வா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளுக்கு கட்-ஆஃப் வைப்பது எப்படி, வாசிப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் மனச்சோர்வுக்கான கேள்வித்தாளையும் கேட்கத் தொடங்கிய முதல் மாதக் கடைசியில், எங்கள் செவிலியர் அக்கா நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்: "டாக்டர், அஞ்சு பேருக்கு ஒருத்தருக்குப் பத்துக்கு மேல வருது. இத்தனை பேருக்கும் மனச்சோர்வுதானா? எல்லாருக்கும் மாத்திரை எழுதப் போறீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாமல் கேள்வித்தாளை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. அதனால் அந்தப் பதிலையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் தாளைப் பற்றி

பிஎச்க்யூ-9 என்பது ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து இருந்ததா என்று முதல் இரண்டு. அப்புறம் தூக்கம், அசதி, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடல் அசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கடைசியாக ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, அநேகமாக தினமும் என்றால் 3. மொத்தம் 27 வரை போகும்.

இங்கேயே ஒரு தவறு நடக்கிறது. நம் ஊர்க்காரர்கள் "அப்பப்ப இருக்கும்", "இருக்கத்தான் செய்யும்" என்றுதான் சொல்வார்கள். அதை 1 என்று எழுதுவதா 2 என்று எழுதுவதா என்பதைக் கேட்பவரே தன் மனம்போலத் தீர்மானித்துவிடுகிறார். ஒன்பது கேள்விகளில் நான்கில் இப்படி ஒன்று கூடிவிட்டால் 7 என்பது 11 ஆகிவிடும், கட்-ஆஃப் எங்கே வைத்தாலும் வீண். நாங்கள் செய்வது, இரண்டு வாரத்தை அவர்களுக்குத் தெரிந்த நாளோடு கட்டிவிடுவது. அமாவாசை பக்கத்தில் வந்திருந்தால் "போன பௌர்ணமியிலிருந்து இன்னைக்கு வரைக்கும்" என்று சொல்வோம், இல்லையென்றால் "முந்தின வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலிருந்து" என்போம். அந்தப் பதினாலு நாளில் எத்தனை நாள் என்று எண்ணிக்கையாகவே கேட்பது. எட்டு நாளோ அதற்கு மேலோ என்றால்தான் 2. மருமகளோ மகனோ பக்கத்தில் நின்றுகொண்டு "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லா இருக்காங்க" என்று பதில் சொன்னால் அந்தத் தாளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், தனியாக இருக்கும்போது மறுபடி கேளுங்கள்.

88 என்ற எண் எதைச் சொல்கிறது

இந்தத் தாளை 2001-இல் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்டபோது, 10 அல்லது அதற்கு மேல் என்று வைத்தால் சென்சிட்டிவிட்டி 88 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 88 சதவீதம் என்று எழுதினார்கள். சென்சிட்டிவிட்டி என்றால், நேரில் உட்கார வைத்து முறையாகப் பேசி மனச்சோர்வு உறுதியானவர்கள் நூறு பேர் இருந்தால் அதில் எத்தனை பேரைத் தாள் பிடிக்கிறது என்பது. உணர்திறன் என்று தமிழில் சொல்கிறோம். ஸ்பெசிஃபிசிட்டி அதற்கு மறுபக்கம், மனச்சோர்வு இல்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக "இல்லை" என்று விட்டுவிடுகிறது என்பது.

கவனியுங்கள், இரண்டுமே நோய் இருக்கிறதா இல்லையா என்பது முன்பே தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குகின்றன. நம் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமோ நமக்குத் தெரிந்தது மதிப்பெண் மட்டும். "12 வந்திருக்கிறது, இவருக்கு மனச்சோர்வு இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்பதுதான் நம் கேள்வி. இதற்குப் பதில் 88 அல்ல. படித்த மருத்துவர்களும் இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், "88 சதவீதம் துல்லியம், அப்படியென்றால் இவருக்கு 88 சதவீதம் உறுதி" என்று. நாம் கேட்கும் கேள்விக்கான பதிலுக்குப் பெயர் முன்கணிப்பு மதிப்பு. அது தாளின் குணம் மட்டும் இல்லை, தாளை யாரிடம் கொடுத்தோம் என்பதும் சேர்ந்தது.

இன்னொரு சேதியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருக்க வேண்டியது. அந்த 2001 ஆய்வில் நேரில் பேசி உறுதிசெய்யப்பட்டவர்கள் 580 பேர், அதில் பெரும் மனச்சோர்வு இருந்தவர்கள் 41 பேர்தான். அதில் 36 பேரைத் தாள் பிடித்தது, அதுதான் 88. ஒரே ஒரு ஆள் மாறினால் இரண்டரைப் புள்ளி மாறிவிடும். உண்மை 74-க்கும் 95-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம் என்பதுதான் அந்த எண்ணிக்கை தாங்கும் அளவு. பிறகு பல நாட்டு ஆய்வுகளின் தனிநபர் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து 2019-இல் வந்த பெரிய பகுப்பாய்வில், விரிவாகப் பேசி நோயறியும் முறையோடு ஒப்பிட்டபோது, 10-க்கு 88-ம் 85-ம் கிடைத்தன. ஆகவே எண் ஊகம் அல்ல, நம்பலாம், ஆனால் கல்லில் வெட்டியது போல எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயிரம் பேரை வைத்து எண்ணிப் பார்ப்பது

சதவீதத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் யாருக்கும் புரியாது. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் சர்க்கரை, பிரஷர் பிரிவுக்கு நான்கு மாதத்தில் வருகிற ஆயிரம் பேர் என்று வைப்போம். இதில் நூறு பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன் (ஏன் நூறு என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்). கட்-ஆஃப் 10. பத்துக்கு மேல் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் பத்தும் சேர்த்திதான்.

நூறு பேரில் 88 பேரைத் தாள் பிடிக்கும், 12 பேரைத் தவறவிடும். மீதி 900 பேரில் 88 சதவீதம், அதாவது 792 பேரை "இல்லை" என்று சரியாக விடும். ஆனால் 108 பேருக்கு மனச்சோர்வு இல்லாமலேயே பத்துக்கு மேல் வந்துவிடும்.

ஆக பத்துக்கு மேல் வந்தவர்கள் 88-ம் 108-ம் சேர்ந்து 196 பேர். அக்கா சொன்ன "அஞ்சுக்கு ஒருத்தர்" இதுதான். இந்த 196 பேரில் உண்மையானவர்கள் 88, அதாவது 45 சதவீதம். பாதிக்கும் குறைவு! நேர்மறை முன்கணிப்பு மதிப்பு என்பது இந்த 45. பத்துக்குக் கீழே வந்த 804 பேரில் 792 பேருக்கு உண்மையிலேயே இல்லை, அது 98.5 சதவீதம், எதிர்மறை முன்கணிப்பு மதிப்பு.

அக்காவுக்கு நான் சொன்ன பதில்: "பத்துக்கு மேல வந்தவங்கள்ல பாதிப் பேருக்குமேல மனச்சோர்வு இருக்காது. அதனால யாருக்கும் தாளைப் பாத்து மாத்திரை எழுதக் கூடாது, உக்கார வச்சுப் பேசணும். பத்துக்குக் கீழ வந்தா பெரும்பாலும் பயமில்ல." 2019 பகுப்பாய்வின் 85 சதவீதத்தை வைத்தால் 108 என்பது 135 ஆகி, 45 என்பது 39 ஆகும். அப்படியும் பதில் அதேதான்.

அதே தாள், வேறு வாசல்

இப்போது அதே தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போங்கள். கோயில் திருவிழாவை ஒட்டி ஒரு மருத்துவ முகாம், வருகிற போகிற எல்லோரிடமும் கேட்கிறோம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் அந்த நேரத்தில் மனச்சோர்வு இருந்தவர்கள் 2.7 சதவீதம். நாம் மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

ஆயிரத்தில் 30 பேர். 26 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் 12 சதவீதம், சுமார் 116 பேர், காரணமில்லாமல் பத்துக்கு மேல். மொத்தம் 142 பேரில் உண்மை 26, அதாவது 18 சதவீதம். ஐந்து பேரில் நான்கு பேரிடம் "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கு" என்று சொல்வது தவறாகிப்போகும்.

மறுபக்கம் பாருங்கள். தலைவலி, உடம்புவலி, நெஞ்சடைப்பு என்று மாதத்தில் மூன்று நான்கு தடவை வந்து, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, "ஒண்ணும் பிடிக்கல" என்று சொல்கிறவர்களிடம் மட்டும் கேட்டால்? அங்கே முப்பது சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று வைத்தால், ஆயிரத்தில் 264 பேர் உண்மையாகப் பிடிபடுவார்கள், 84 பேர் பொய்யாக. இப்போது பத்துக்கு மேல் வந்தால் 76 சதவீதம் உண்மை. ஆனால் இந்தக் கூட்டத்தில் 36 பேர் பத்துக்குக் கீழே ஒளிந்திருப்பார்கள், பத்துக்குக் கீழ் வந்தவர்களில் பதினெட்டுக்கு ஒருவர். இங்கே குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதியாக அனுப்பக் கூடாது.

தாள் மாறவில்லை, கட்-ஆஃப் மாறவில்லை. 18, 45, 76 என்று அர்த்தம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. இதை ஒருமுறை கையால் எண்ணிப் பார்த்தவர்கள் அப்புறம் மறக்க மாட்டார்கள், நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நம் இடத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்

நூறு பேர் என்று எடுத்துக்கொண்டேனே, அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலானோர் செய்யும் தவறு, பத்துக்கு மேல் வந்தவர்களின் சதவீதத்தையே நோயுள்ளவர்களின் சதவீதம் என்று அறிக்கையில் எழுதுவது. "எங்கள் வட்டாரத்தில் 20 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு" என்று. இது தவறு, ஏனென்றால் ஒருவருக்குக்கூட மனச்சோர்வு இல்லாத ஊரில் கேட்டாலும் 12 சதவீதம் பேர் பத்தைத் தாண்டுவார்கள். சென்னையில் 25,000 பேருக்கு மேல் பிஎச்க்யூ வகைக் கேள்வித்தாளைக் கொடுத்த ஆய்வு ஒன்றில் 15.1 சதவீதம் என்று வந்தது. தேசியக் கணக்கெடுப்பில் 2.7. ஊர் வேறு, முறை வேறு என்றாலும், இந்த இடைவெளியில் ஒரு பெரும்பங்கு கேள்வித்தாளால் வருவது.

அந்த 12-ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போட ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது:

```
உண்மை விகிதம் = (பத்தைத் தாண்டியோர் விகிதம் + ஸ்பெசிஃபிசிட்டி - 1)
               ÷ (சென்சிட்டிவிட்டி + ஸ்பெசிஃபிசிட்டி - 1)
```

எங்கள் நோட்டில் 19.6 சதவீதம். 0.196 + 0.88 − 1 என்றால் 0.076. கீழே 0.88 + 0.88 − 1 என்றால் 0.76. வகுத்தால் 0.10, பத்து சதவீதம். முகாமில் 14 சதவீதம் வந்தால் 0.02-ஐ 0.76-ஆல் வகுக்க, 2.6 சதவீதம். பாருங்கள், நோட்டில் 20-ம் 14-ம் பக்கத்துப் பக்கத்து எண்கள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது நான்கு மடங்கு வித்தியாசம்.

விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் உங்கள் இடத்தில் ஸ்பெசிஃபிசிட்டி நீங்கள் நினைத்ததைவிட அதிகம் என்று அர்த்தம், அல்லது செவிலியர் எல்லோருக்கும் 0 போட்டுத் தள்ளுகிறார். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் எழுதிய தாள்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடுமுன் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறவர்களை விலக்கிவிடுங்கள். நாம் தேடுவது இதுவரை கண்டுபிடிக்கப்படாதவர்களை.

கட்-ஆஃபை எங்கே வைப்பது

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

கட்-ஆஃபை உயர்த்தினால் பொய்யாக மாட்டுகிறவர்கள் குறைவார்கள், உண்மையானவர்களும் தப்புவார்கள். தாழ்த்தினால் இரண்டும் நேரெதிராக. இது எல்லோருக்கும் தெரியும். "எது சிறந்த கட்-ஆஃப்" என்று கேட்டால், சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் கூட்டி அதிகமாக வரும் புள்ளி என்று புத்தகம் சொல்லும். அந்தப் பதில் நமக்குப் பயன்படாது, ஏனென்றால் அது ஒருவரைத் தவறவிடுவதும் ஒருவரோடு வீணாக இருபது நிமிடம் பேசுவதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. நான் கேட்கும் கேள்வி வேறு: கட்-ஆஃபைக் கீழே இறக்குவதால் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு உண்மையான ஆளுக்கும் நான் எத்தனை பேரோடு கூடுதலாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்?

2001 ஆய்விலேயே 15-க்கு சென்சிட்டிவிட்டி 68, ஸ்பெசிஃபிசிட்டி 95 என்று இருக்கிறது. அதே ஆயிரம் பேர், நூறு பேருக்கு நோய். 15 என்று வைத்தால் 68 பேர் உண்மை, 45 பேர் பொய், மொத்தம் 113. பத்து என்று வைத்தால் 196. வித்தியாசம் 83 பேர். இந்த 83 பேரோடு பேசினால் கூடுதலாகக் கிடைப்பது 20 பேர். அதாவது நான்கு பேரோடு பேசினால் ஒருவர்.

ஒருவரோடு இருபது நிமிடம் என்றால் 83 பேருக்குச் சுமார் 28 மணி நேரம், நான்கு மாதத்தில். மொத்தமாகப் பார்த்தால் 196 பேர் என்பது மாதம் 49, வேலை நாளுக்கு இரண்டு பேர், நாற்பது நிமிடம். எங்களால் முடியும். நான் 10-ஐயே வைத்துக்கொண்டேன். இருபது மனிதர்களைக் கண்டுபிடிக்க 28 மணி நேரம் என்பது என் கணக்கில் கொடுக்கக்கூடிய நேரம். தினமும் முந்நூறு பேர் வரும் இடத்தில் ஒற்றை மருத்துவராக இருக்கிறவர் 12 அல்லது 15 என்று வைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வைத்திருந்தால்.

இப்போது முகாமுக்கு இதே கேள்வி. அங்கே 10-க்கும் 15-க்கும் நடுவே இருக்கிறவர்கள் சுமார் 74 பேர், அதில் உண்மையானவர்கள் 6 பேர். பன்னிரண்டு பேரோடு பேசினால் ஒருவர். முகாமில் நான் 15 என்றுதான் வைப்பேன், அப்போதும் மாட்டுகிறவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குத்தான் உண்மையில் இருக்கும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களை வைத்துச் செய்து 2017-இல் வெளியான பெரிய ஆய்விலும், 14-க்கு மேல் வந்தவர்களைத்தான் சிகிச்சைக்கு எடுத்தார்கள். கையில் இருக்கும் ஆட்களின் நேரத்தை யாருக்குச் செலவிடுவது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வரம்பு.

நேரத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் இரண்டு கேள்விகளை மட்டும் எல்லோரிடமும் கேட்டு, அதில் 2 அல்லது அதற்கு மேல் வந்தவர்களிடம் மட்டும் மீதி ஏழையும் கேட்பது, பிறகு மொத்தத்துக்குப் பத்து என்று வைப்பது. 2020-இல் வந்த பகுப்பாய்வில் இப்படிச் செய்தால் சென்சிட்டிவிட்டி 82, ஸ்பெசிஃபிசிட்டி 87 என்று வந்தது, முழுத் தாளையும் கேட்க வேண்டியவர்கள் பாதிக்கும் மேல் குறைந்தார்கள். ஆனால் இப்படிச் செய்தால் ஒன்பதாவது கேள்வி பலரிடம் கேட்கப்படாமல் போகும். நான் அதை ஏற்கவில்லை, முதல் இரண்டோடு ஒன்பதாவதையும் சேர்த்தே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் இடத்தில் ஐம்பது அறுபது பேரிடம் மட்டும் சோதித்துவிட்டு, "எங்களுக்கு 8-தான் பொருத்தம்" என்று புதுக் கட்-ஆஃப் கண்டுபிடிக்காதீர்கள். அறுபதில் நோயுள்ளவர்கள் ஆறு பேர்தான் இருப்பார்கள். ஆறு பேரை வைத்துப் பிடித்த புள்ளி அந்த ஆறு பேருக்குத்தான் பொருந்தும், அடுத்த மாதம் வருகிறவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டு பேர், இரண்டு மதிப்பெண்

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி. எழுபதைத் தாண்டியவர், இரண்டு கட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளியூரில். மதிப்பெண் 12. இதைக் கேட்டதும் யாருக்கும் "தனிமை, பாவம், மனச்சோர்வுதான்" என்றே தோன்றும், எனக்கும் தோன்றியது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். தூக்கம் 3, அசதி 3, பசி 2, கவனம் 2, உடல் மந்தம் 2. முதல் இரண்டும் பூஜ்யம், ஆறாவதும் ஒன்பதாவதும் பூஜ்யம்.

"ஆச்சி, ராத்திரி எதனால முழிப்பு வருது?"

"நாலு தரம் அஞ்சு தரம் எந்திரிச்சுப் போகணும்ல அய்யா. முத்தம் தாண்டிப் போயிட்டு வந்து படுத்தா, அப்புறம் எங்க தூக்கம்?"

சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. விடியற்காலையில் கோலம் போடுவது, அக்கம்பக்கத்து ஆச்சிகளோடு பேசிக்கொண்டே வத்தல் போடுவது, பேரனோடு போனில் பேசுவது என்று எதிலும் ஆசை குறையவில்லை. மருந்தை மாற்றி, ஒரு மாதம் கழித்துக் கேட்டால் 4. அந்த 108 பேரில் ஒருவர் இவர். சர்க்கரைப் பிரிவில் பொய்யாக மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான், உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளிலேயே பத்தைத் தொட்டுவிடுவார்கள். அதனால் மொத்தத்தைப் பார்த்த உடனே முதல் இரண்டு கேள்விகளைப் பாருங்கள். இரண்டில் ஒன்றாவது 2-ஐத் தொடாவிட்டால் பெரும் மனச்சோர்வு என்ற முடிவுக்குப் போகுமுன் சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு, வலி, சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் தேடிவிட வேண்டும்.

இன்னொருவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், பிரஷருக்கு வந்தார். மதிப்பெண் 9. கட்-ஆஃபுக்குக் கீழே, நோட்டில் "இல்லை" பத்தி. ஆனால் நாட்டமின்மை 3, மனச்சோர்வு 2, தாழ்வெண்ணம் 3, ஒன்பதாவது கேள்வி 1. மீதி எல்லாம் பூஜ்யம். உட்கார வைத்துப் பேசியபோதுதான் தெரிந்தது, தூக்கத்துக்கு அவர் 0 சொன்னது தினமும் குடித்துவிட்டுப் படுப்பதால், அசதிக்கு 0 சொன்னது "கல் வேலைன்னா அசதி இருக்கத்தானே செய்யும் சார், அதை எதுக்குச் சொல்லணும்" என்பதால். உண்மையில் 13 அல்லது 14 வரவேண்டியவர். தாள் தவறவிடும் 12 பேர் என்று மேலே எழுதினேனே, அவர்கள் இப்படித்தான் தவறுகிறார்கள்.

இவரை நாங்கள் பிடித்ததற்கு ஒரே காரணம், ஒன்பதாவது கேள்விக்குக் கட்-ஆஃப் கிடையாது என்ற விதி. அங்கே 1 வந்தாலும், மொத்தம் 3 ஆகவே இருந்தாலும், அன்றைக்கே, அந்த வாசலைத் தாண்டுமுன் மருத்துவர் பேச வேண்டும். எண்ணம் மட்டுமா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, கையில் பூச்சிமருந்து இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வருவதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், அதைக் கையில் எழுதிக் கொடுத்தனுப்புகிறோம். ஆபத்து என்று பட்டால் எண் கொடுத்து அனுப்புவது போதாது, துணைக்கு ஆள் வைத்து அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் இடத்தில் தாள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது

பத்துக்கு மேல் வந்தவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் முன்கணிப்பு மதிப்பு தெரியும், சென்சிட்டிவிட்டி ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் தவறவிட்டவர்களை நீங்கள் பார்க்கவே இல்லை. அதற்காக நாங்கள் நோட்டில் இரண்டு பத்திகள் கூடுதலாகப் போட்டோம். ஒன்று, பேசிய பிறகு மருத்துவரின் முடிவு, மதிப்பெண்ணைப் பார்க்காமல் எழுதியது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பேசினால் 18 வந்தவரிடம் நாமே நோயைத் தேடிப் பிடித்துவிடுவோம், அப்படிச் செய்தால் தாளும் மருத்துவரும் ஒத்துப்போவது போலத் தோன்றும். அக்கா பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார், நான் பேசி முடிவை எழுதிய பிறகு மதிப்பெண்ணைச் சேர்ப்போம். ஆனால் ஒன்பதாவது கேள்வியில் ஏதாவது வந்திருந்தால் அதை மறைப்பதில்லை, அவர்களை இந்தக் கணக்கிலிருந்து தனியாக எடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, பத்துக்குக் கீழே வந்தவர்களிலிருந்து வாரம் இரண்டு பேர். யார் சோர்வாகத் தெரிகிறார் என்று பார்த்து எடுக்கக் கூடாது, ஓ.பி. சீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துக் குலுக்கல்போல எடுக்க வேண்டும். நான்கு மாதத்தில் முப்பதுக்கு மேல் சேரும். அதில் ஒருவருக்கும் நோய் இல்லை என்றாலோ ஒருவருக்கு மட்டும் இருந்தாலோ நம் கணக்கோடு ஒத்துப்போகிறது. நான்கைந்து பேருக்கு இருந்தால் தாள் பிழையா, கேட்கும் முறை பிழையா என்று பார்க்க வேண்டும், நான் முதலில் கேட்கும் முறையைத்தான் பார்ப்பேன்.

எங்களுக்கு முதல் சுற்றில் மூன்று பேர் கிடைத்தார்கள். மூவரின் தாளும் ஒரே கிழமையில் எழுதப்பட்டவை, மாத்திரை கொடுக்கும் ஜன்னல் வரிசையில் நிற்க வைத்தே கேட்டிருந்தார்கள், பின்னால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நின்றிருந்திருப்பார்கள். இப்போது பிரஷர் பார்க்கும் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்கிறோம், கட்-ஆஃபை நாங்கள் தொடவில்லை.